பெயரோடு வரட்டும் உங்கள் அசைன்மென்ட்

ஒரு வகுப்பில் அறுபது மாணவர்கள். லேப் அசைன்மென்ட்டை இன்று இரவுக்குள் அனுப்புங்கள் என்று சொன்னால், மறுநாள் காலை ஆசிரியரின் கணினியில் இப்படிப்பட்ட பெயர்கள் வரிசை கட்டி நிற்கும்: `assignment.zip`, `New folder.zip`, `DS final.zip`, `DS final new.zip`, `program.c`, `Document1.docx`. ஒரே பெயரில் பலர் அனுப்பியிருந்தால், பதிவிறக்கும்போது பிரவுசர் தானாக எண் சேர்த்துவிடும். `assignment (14).zip` என்று ஒன்று கிடைக்கும். அந்த 14 மாணவரின் எண் கிடையாது. அந்தப் பெயரில் இறங்கிய எத்தனையாவது நகல் அது என்பதை மட்டுமே சொல்லும்.

இப்படிப் பெயர் வைத்த மாணவர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய மடிக்கணினியில் அந்தக் கோப்பு `3rd sem` என்ற ஃபோல்டருக்குள், `DS lab` என்ற ஃபோல்டருக்குள், `A3` என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. எந்தப் பாடம், எத்தனையாவது அசைன்மென்ட் என்பதை அந்த ஃபோல்டர்கள் சொல்லிவிடுகின்றன. யாருடையது என்பதைக் கணினியே சொல்லிவிடுகிறது. அதனால் உள்ளே இருக்கும் கோப்புக்கு `program.c` என்று பெயர் வைத்தாலே அவருக்குப் போதும். ஆனால் அனுப்பும்போது ஃபோல்டர்கள் கூட வருவதில்லை. கடைசித் துண்டு மட்டும் கிளம்பி வருகிறது. கல்யாண வீட்டில் பெயரும் ஊரும் எழுதாமல் மொய்க் கவரை நீட்டுவது போலத்தான் இது: உள்ளே பணம் சரியாகவே இருக்கும், நோட்டில் யார் பெயரில் எழுதுவது என்றுதான் தெரியாது.

இதைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் லேப் வகுப்பில் ஓர் அறிவிப்பு கொடுக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் மூன்றாம் செமஸ்டருக்கு வரும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபுக்கான அறிவிப்பு இது. பாடக் குறியீடு CS3311. நிரல்கள் சி மொழியில்.

அறிவிப்பு: மூன்றாம் அசைன்மென்ட் (லிங்க்டு லிஸ்ட்)

1. ஒருவர் ஒரே ஒரு கோப்பை அனுப்ப வேண்டும். அது ஜிப் கோப்பாக இருக்க வேண்டும்.
2. அதன் பெயர் `CS3311_A03_045.zip` என்ற வடிவில் இருக்க வேண்டும். 045 உள்ள இடத்தில் உங்கள் ரெஜிஸ்டர் நம்பரின் கடைசி மூன்று இலக்கங்களை எழுதுங்கள்.
3. ஜிப்பைப் பிரித்தால் அதே பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர் வர வேண்டும். மற்ற எல்லாம் அந்த ஃபோல்டருக்குள் இருக்கட்டும்.
4. உள்ளே இருக்க வேண்டியவை: `list.h`, `list.c`, `main.c`, `marks.txt`, `report.pdf`. பெயர்களை இப்படியே, சின்ன எழுத்துகளில் வையுங்கள்.
5. `a.exe`, `a.out` போன்றவற்றைச் சேர்க்க வேண்டாம்.
6. திருத்தி மறுபடி அனுப்பினால் பெயரின் முடிவில் `_v2` சேருங்கள். final, new போன்ற சொற்கள் வேண்டாம்.
7. அனுப்பிய கோப்பை நீங்களே பதிவிறக்கி, ஒரு காலி ஃபோல்டரில் பிரித்து, நிரலை ஓட்டிப் பாருங்கள்.

பிரித்த பிறகு கிடைக்க வேண்டிய அமைப்பு:

```
CS3311_A03_045/
    list.h
    list.c
    main.c
    marks.txt
    report.pdf
```

ஏழு வரிகளும் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்த மாணவர் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அறிவிப்பு இல்லாத இடத்திலும் சரியாகவே பெயர் வைப்பார்.

பெயரின் மூன்று துண்டுகள்

பாடம், அசைன்மென்ட், மாணவர் என்று மூன்று துண்டுகள், நடுவில் அடிக்கோடு. பெரியதிலிருந்து சிறியதுக்குப் போகும் இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கணினி பெயர்களை இடமிருந்து வலமாக, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்குகிறது. பாடக் குறியீடு முன்னால் இருந்தால் ஒரு பாடத்தின் கோப்புகள் எல்லாம் ஒன்றாகச் சேரும். அதற்குள் ஒவ்வொரு அசைன்மென்ட்டும் தனித்தனியாக நிற்கும். அதற்குள் மாணவர்கள் வருகைப் பதிவேட்டில் உள்ள வரிசையிலேயே வந்துவிடுவார்கள். தேதியை 2025-09-12 என்று ஆண்டு, மாதம், நாள் என எழுதும் ஐ.எஸ்.ஓ. 8601 தரத்திலும் இதே தத்துவம்தான்: பெரியது முன்னால் இருந்தால், எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது முன்னால் நிற்கும் பூஜ்யம். மூன்றாம் அசைன்மென்ட்டை `A3` என்று எழுதாமல் `A03` என்று ஏன் எழுத வேண்டும்? எழுத்து எழுத்தாக ஒப்பிடும்போது 10 என்பது 2-க்கு முன்னால் வரும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 2 என்ற எழுத்துக்கு முந்தையது. அப்போது வரிசை 1, 10, 11, 2, 3 என்று குலைந்துவிடும். விண்டோஸின் கோப்புச் சாளரம் எண்களை எண்களாகவே புரிந்துகொண்டு சரியாக அடுக்குவதால் மாணவருக்கு இந்தக் குழப்பம் கண்ணில் படுவதில்லை. லினக்ஸின் `ls` கட்டளையிலும், ஆசிரியர் எழுதி வைத்திருக்கும் சிறு நிரல்களிலும்தான் அது வெளியே தெரியும். எல்லா எண்ணையும் ஒரே நீளத்தில் எழுதிவிட்டால் எந்தக் கணினியிலும் வரிசை மாறாது.

மூன்றாவது துண்டில் பெயருக்குப் பதிலாக ஏன் எண்? தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஒரே ஒரு முறை நம்மிடம் இல்லை. கார்த்திக் என்பவர் `Karthik` ஆகவும் இருக்கலாம், `Karthick` ஆகவும் இருக்கலாம். இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். `S_Karthik` என்ற கோப்பு S வரிசையிலும் `Karthik_S` என்ற கோப்பு K வரிசையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே பெயர், ஒரே இனிஷியல் கொண்ட இருவர் ஒரே வகுப்பில் இருப்பதும் அரிதில்லை. எண்ணில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்டர் நம்பர் 12 இலக்கங்கள் கொண்டது. முதல் 4 கல்லூரிக் குறியீடு, அடுத்த 2 சேர்ந்த ஆண்டு, அடுத்த 3 துறைக் குறியீடு, கடைசி 3 மாணவரின் வரிசை எண். ஒரே வகுப்புக்குள் முதல் 9 இலக்கங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் கடைசி மூன்றே போதும். இரண்டு இலக்கமாகச் சுருக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்களின் எண் 301 என்று தொடங்கும். இரண்டு இலக்கம் மட்டும் எழுதினால் 301-ம் 001-ம் ஒன்றாகிவிடும்.

பெயரில் இடைவெளி வேண்டாம் என்பதற்கும் காரணம் எளிது. கட்டளைத் திரையில் இடைவெளி என்றால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று பொருள். `gcc linked list.c` என்று தட்டினால், `linked` என்று ஒரு கோப்பும் `list.c` என்று இன்னொரு கோப்பும் இருப்பதாக நினைத்துக் கணினி இரண்டையும் தேடும். அடிக்கோடு போட்டால் அது ஒரே பெயராக நிற்கும்.

ஜிப்பைப் பிரிக்கும்போது என்ன நடக்கிறது

அறுபது ஜிப் கோப்புகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகத் திறப்பதில்லை. எல்லாவற்றையும் ஓர் இடத்தில் போட்டு, ஒரே கட்டளையில் பிரிப்பார்:

```
for z in CS3311_A03_*.zip; do unzip -q "$z"; done
```

இந்த ஒரு வரி இரண்டு விஷயங்களைச் செய்கிறது. குறிப்பிட்ட வடிவில் பெயருள்ள கோப்புகளை மட்டும் எடுக்கிறது, எடுத்ததைப் பிரிக்கிறது. `DS final new.zip` என்று அனுப்பிய மாணவரை இந்த வரி தண்டிப்பதில்லை. அவருடைய கோப்பு அதன் கண்ணுக்கே படுவதில்லை, அவ்வளவுதான். பிரித்து முடித்த பிறகு ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்தால் 044-க்கு அடுத்து 046 இருக்கும். 045 அனுப்பவில்லை என்ற முடிவுக்கு ஆசிரியர் வருவார். அனுப்பிய மாணவருக்கு, தான் அனுப்பாதவர் பட்டியலில் இருப்பது தெரியாது.

இதைவிட மோசமானது மூன்றாம் விதியை மீறுவதால் வருவது. ஜிப் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஃபோல்டருக்கு வெளியே நின்று, ஃபோல்டரின் மீதே வலது கிளிக் செய்து ஜிப் ஆக்குவது ஒரு வழி. ஃபோல்டருக்கு உள்ளே போய், எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து ஜிப் ஆக்குவது இன்னொரு வழி. இரண்டிலும் உள்ளடக்கம் ஒன்றேதான். மாணவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் ஜிப்பைப் பிரித்தால் ஒரு ஃபோல்டர் வரும். இரண்டாவது ஜிப்பைப் பிரித்தால் ஐந்து கோப்புகளும் உதிரியாக வந்து விழும்.

இருவர் இப்படி அனுப்பியிருந்தால், முதலாமவரின் `main.c` ஏற்கெனவே அங்கே கிடக்க, இரண்டாமவரின் `main.c` அதே இடத்துக்கு வரப் பார்க்கும். அப்போது திரையில் இந்தக் கேள்வி எழும்:

```
replace main.c? [y]es, [n]o, [A]ll, [N]one, [r]ename:
```

ஆம் என்று சொன்னால் முதலாமவரின் கோப்பு அழிந்து இரண்டாமவரின் கோப்பு அந்த இடத்தில் உட்காரும். இல்லை என்று சொன்னால் இரண்டாமவரின் கோப்பு வராமலே போகும். கோப்புக்கு உள்ளே யாரும் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதால், மிஞ்சியது யாருடையது என்று கண்டுபிடிக்க மறுபடியும் ஒவ்வொரு ஜிப்பையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். வெளியே பெயரை மிகச் சரியாக வைத்த மாணவரும் இதில் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் அந்தப் பெயர் ஜிப்போடு நின்றுவிடுகிறது. பிரித்த பிறகும் பெயர் கூடவே வர வேண்டுமானால் ஃபோல்டருக்கும் அதே பெயர் வேண்டும்.

பெயரின் கடைசியில் இருக்கும் `.zip`, `.pdf` என்ற ஒட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டை மாற்றினால் கோப்பு மாறாது. `.rar` கோப்பின் பெயரை `.zip` என்று திருத்தி அனுப்புபவர்கள் உண்டு. பல வகைக் கோப்புகள் தங்கள் அடையாளத்தைத் தங்களுக்குள்ளேயே, முதல் சில எழுத்துகளில் வைத்திருக்கின்றன. ஜிப் கோப்பு PK என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும்; 1989-இல் அந்த வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் காட்ஸின் பெயர்ச் சுருக்கம் அது. ரார் கோப்பு `Rar!` என்று தொடங்கும். பி.டி.எஃப். கோப்பு `%PDF` என்று தொடங்கும். பிரிக்கும் நிரல் உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும், பெயரை நம்பாது.

வேர்டில் எழுதிய அறிக்கையை பி.டி.எஃப். ஆக மாற்றச் சொன்னால், பெயரை மட்டும் மாற்றிவிடும் தவறும் இதே வகைதான். விண்டோஸ் வழக்கமாகத் தனக்குத் தெரிந்த ஒட்டுகளை மறைத்தே காட்டும். `report.docx` என்ற கோப்பு திரையில் `report` என்று மட்டும் தெரியும். அதை மாணவர் `report.pdf` என்று மாற்றினால், உண்மையில் அது `report.pdf.docx` ஆகிவிடும். அவருடைய திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். விண்டோஸ் 11-இல் கோப்புச் சாளரத்தின் View, அதற்குள் Show, அதற்குள் File name extensions என்பதை டிக் செய்துவிட்டால் முழுப் பெயரும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். லேப் தொடங்கும் முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலை இது. அறிக்கையை வேர்டிலிருந்தே Save As வழியாக பி.டி.எஃப். ஆகச் சேமித்தால்தான் உண்மையில் மாறும்.

ஐந்தாம் விதி சொல்லும் `a.exe` சிக்கலும் இங்கேதான் வருகிறது. மின்னஞ்சல் வழியாக அனுப்பும்போது, ஜிமெயில் `.exe` கோப்புகளை ஏற்பதில்லை. ஜிப்புக்குள் வைத்து அனுப்பினாலும் தடுத்துவிடும். வைரஸுக்குப் பயந்து செய்யப்பட்ட ஏற்பாடு அது. நிரலின் மூலம் கையில் இருந்தால் ஆசிரியரே அதை கம்பைல் செய்துகொள்ள முடியும் என்பதால் அந்தக் கோப்பு தேவையும் இல்லை.

உள்ளே இருக்கும் பெயர்கள் கம்பைலருக்கு

வெளிப் பெயரில் எண் வேண்டும் என்று சொன்னதும், உற்சாகமான சில மாணவர்கள் உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் எண் சேர்த்துவிடுவார்கள்: `main_045.c`, `list_045.h` என்று. இது உதவுவதற்குப் பதிலாகக் கெடுத்துவிடும். ஜிப்பின் பெயரைப் படிப்பவர் ஆசிரியர். உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரைப் படிப்பது கம்பைலர். `main.c`-க்குள் `#include "list.h"` என்று எழுதியிருந்தால், கம்பைலர் துல்லியமாக அந்தப் பெயரைத்தான் தேடும். `list_045.h` அதற்கு வேறு கோப்பு.

ஜாவா லேபில் இது இன்னும் கண்டிப்பானது. `public class Stack` என்று எழுதினால் கோப்பின் பெயர் `Stack.java` என்றே இருக்க வேண்டும். `Stack_045.java` என்று மாற்றினால் கம்பைலர் இப்படி மறுத்துவிடும்:

```
error: class Stack is public, should be declared in a file named Stack.java
```

ஆகவே யார் அனுப்பியது என்ற தகவல் ஜிப்பிலும் ஃபோல்டரிலும் நிற்கட்டும். உள்ளே இருக்கும் பெயர்கள் நிரல் கேட்பது போல இருக்கட்டும். மாணவர் பெயரை அங்கேயும் எழுத வேண்டும் என்றால், கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்பாக எழுதலாம்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். 045 எண் மாணவியின் ஜிப் சரியான பெயரில் வந்துவிட்டது, சரியான ஃபோல்டரும் வந்துவிட்டது. அவருடைய வீட்டில் விண்டோஸ் கணினி. அங்கே நிரல் நன்றாக ஓடியது. லேபில் லினக்ஸ். கம்பைல் செய்ததும் இந்தப் பிழை:

```
main.c:2:10: fatal error: List.h: No such file or directory
```

கோப்பின் பெயர் `list.h`. நிரலுக்குள் அவர் எழுதியது `List.h`. விண்டோஸ் வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காமல் கோப்பைத் தேடிக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். எல்லாப் பெயர்களும் சின்ன எழுத்தில் இருக்கட்டும் என்று நான்காம் விதி சொல்வது இதற்காகத்தான். ஒரே வழக்கத்தைக் கடைப்பிடித்தால், எங்கே பெரிய எழுத்து போட்டோம் என்று நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

அதைத் திருத்தியதும் நிரல் கம்பைல் ஆகிவிட்டது. ஓட்டியபோது `Segmentation fault` என்று நின்றுவிட்டது. லிங்க்டு லிஸ்ட்டில் பாயின்டர் பிழை இருக்கும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். காரணம் வேறு:

```
fp = fopen("C:\\Users\\admin\\Desktop\\marks.txt", "r");
```

மதிப்பெண் கோப்பு அவருடைய டெஸ்க்டாப்பில் இருப்பதாக நிரல் நம்புகிறது. உலகத்தில் அந்த முகவரி அவருடைய கணினியில் மட்டும்தான் செல்லும். லேபில் கோப்பு கிடைக்காததால் `fopen` வெறுமையைத் திருப்பிக் கொடுக்கிறது. அதைச் சோதிக்காமல் நிரல் படிக்கப் போய் விழுகிறது. `"marks.txt"` என்று மட்டும் எழுதியிருந்தால், நிரலை ஓட்டும் ஃபோல்டரிலேயே தேடியிருக்கும். அறிவிப்பில் கேட்டபடி கோப்பு அங்கேயே இருந்தது. மாணவியின் லிங்க்டு லிஸ்ட்டில் ஒரு குறையும் இல்லை. பெயரிலும் முகவரியிலும் இருந்த இரண்டு குறைகள் அவருடைய வேலையை மறைத்துவிட்டன.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸில் வேலை செய்யும் மாணவர் துணை ஃபங்ஷன்களை எல்லாம் `aux.c` என்ற கோப்பில் வைத்தால், விண்டோஸில் அதைப் பிரிப்பதில் சிக்கல் வரலாம். `con`, `prn`, `aux`, `nul` போன்ற பெயர்களை விண்டோஸ், பழைய டாஸ் காலத்திலிருந்தே சாதனங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்தச் சில சொற்களையும், `: * ? " < > |` போன்ற குறிகளையும் கோப்புப் பெயரில் தவிர்த்தால் எங்கே போனாலும் பாதிப்பில்லை.

தமிழில் பெயர் வைக்கலாமா?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இன்றைய எந்த இயங்குதளமும் யூனிகோடில் தமிழ்ப் பெயரை ஏற்கும். உங்கள் கணினியில் உங்களுக்காக வைத்துக்கொள்ளும் கோப்புகளுக்குத் தாராளமாகத் தமிழில் பெயர் வையுங்கள். பல கைகளும் பல நிரல்களும் மாறிப் போகிற கோப்புக்கு மட்டும் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதலாவது, பார்வைக்கு ஒன்றாக இருக்கும் பெயர் கணினிக்கு இரண்டாக இருக்க முடியும். ‘பொன்’ என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ. முதல் முறையில் அந்தச் சொல்லுக்கு 4 குறியீடுகள். இரண்டாம் முறையில் 5. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பெரும்பாலான அமைப்புகள் இரண்டையும் வேறு வேறு பெயர்களாகவே எடுத்துக்கொள்ளும். தட்டச்சு செய்த மென்பொருளைப் பொறுத்து எது வருகிறது என்பது மாறும். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்.எஃப்.எஸ். பிளஸ், பெயரைத் தானே பிரித்துச் சேமித்துக்கொள்ளும். ஆசிரியர் தேடும்போது கண்ணெதிரே இருக்கும் கோப்பு ‘இல்லை’ என்று பதில் வருவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, ஜிப் வடிவம் யூனிகோட் பரவலாவதற்கு முன்பே பிறந்தது. உள்ளே இருக்கும் பெயர்கள் யூனிகோடில் உள்ளன என்று சொல்லும் அடையாளம் அதன் விதிகளில் 2006-இல்தான் சேர்ந்தது. அந்த அடையாளத்தை வைக்காத மென்பொருளில் செய்த ஜிப்பை இன்னொரு கணினியில் பிரித்தால், தமிழ்ப் பெயர் கோடும் குறியுமாகச் சிதைந்து வரும். உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. பெயர் மட்டும் போய்விடும்.

மூன்றாவது நீளம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘கு’ என்பதற்கே இரண்டு குறியீடுகள், 6 பைட். நீளமான தமிழ்த் தலைப்பை அப்படியே பெயராக வைத்தால், எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் எல்லை வந்துவிடும்.

தமிழ்த் துறை மாணவர்களும் இதே வழியைப் பின்பற்றலாம். வெளிப் பெயர் எண்ணும் குறியீடுமாக இருக்கட்டும். தலைப்பை அறிக்கையின் முதல் பக்கத்தில் அழகாகத் தமிழில் எழுதுங்கள். ஜிப்பைப் பிரிப்பதால் கோப்புக்குள் இருக்கும் தமிழ் சிதையாது.

எது கடைசி?

`final`, `final new`, `final new 2` என்று மூன்று கோப்புகள் ஒருவரிடமிருந்து வந்தால், எதைத் திருத்துவது? கோப்பின் தேதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்போம். பதிவிறக்கும்போது பல நேரங்களில் பதிவிறக்கிய நேரமே கோப்பின் தேதியாகிவிடும். அதனால் அதை நம்பி மதிப்பெண் போட முடியாது. `_v2`, `_v3` என்று எண் கொடுத்தால் எது பிந்தையது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எண் மிக அதிகமாக இருப்பதை மட்டும் திருத்துவேன் என்று ஆசிரியரும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஜிப்புக்கு `_v2` சேர்த்தால் உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கும் சேர்க்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பழையதும் புதியதும் ஒரே ஃபோல்டரில் போய்க் கலந்துவிடும்.

ஆசிரியர் பக்கத்தில் இருந்தும் சில கடமைகள் உண்டு. பெயரின் வடிவத்தை செமஸ்டர் நடுவில் மாற்றக் கூடாது. பெயர், பிரிவு, தேதி, தலைப்பு, பேட்ச் என்று ஆறேழு துண்டுகள் கேட்டால், கவனமாக இருக்கும் மாணவரும் ஏதாவது ஒன்றில் தவறுவார். மூன்று துண்டுகளுக்கு மேல் கேட்காமல் இருப்பது நல்லது. விதியை வார்த்தையில் விளக்குவதோடு நிறுத்தாமல், அப்படியே நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஒரு மாதிரிப் பெயரையும் கொடுக்க வேண்டும். முதல் அசைன்மென்ட்டில் பெயர் தவறினால் மதிப்பெண்ணைக் குறைக்காமல் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்வதே நியாயம். நிரல் எழுதும் திறமைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை ஓர் அடிக்கோட்டுக்காகப் பறிக்கக் கூடாது.

அனுப்பிய பிறகு செய்ய வேண்டிய சோதனை

ஏழாம் விதி மற்ற ஆறு விதிகளையும் ஒரே அடியாகச் சோதிக்கிறது. அனுப்பிய இடத்திலிருந்து உங்கள் கோப்பை நீங்களே பதிவிறக்குங்கள். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் வையுங்கள். விண்டோஸில் ஜிப்பை இரட்டைக் கிளிக் செய்து எட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. அப்படித் திறக்கும்போது நீங்கள் தொட்ட கோப்பு மட்டும் ஒரு தற்காலிக இடத்துக்கு வரும், பக்கத்தில் `list.h` இருக்காது. வலது கிளிக் செய்து Extract All கொடுத்து, அது காட்டும் இடத்தின் முடிவில் தானாகச் சேர்ந்திருக்கும் ஜிப்பின் பெயரை நீக்கிவிட்டு, அந்தக் காலி ஃபோல்டருக்குள்ளேயே முழுதாகப் பிரியுங்கள். சரியான பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர் கிடைக்கிறதா, அதற்குள் ஐந்து கோப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். `report.pdf`-ஐத் திறந்து பாருங்கள். பிறகு அந்த ஃபோல்டரில் நின்று கம்பைல் செய்து ஓட்டுங்கள்:

```
gcc main.c list.c -o a03
```

டெஸ்க்டாப்பில் இருக்கும் `marks.txt`-இன் பெயரையும் சோதனை முடியும் வரை மாற்றி வையுங்கள். அது அங்கேயே இருந்தால், தவறான முகவரி எழுதிய நிரலும் உங்கள் கணினியில் ஓடி உங்களை ஏமாற்றிவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சிக்கலை மட்டும் விண்டோஸ் கணினியால் காட்ட முடியாது. அதற்கு ஒவ்வொரு `#include` வரியையும் கோப்பின் பெயரோடு கண்ணால் ஒப்பிட வேண்டும், அல்லது லேபில் இருக்கும் லினக்ஸ் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்புபவருக்கு அந்தச் சில நிமிடங்கள் கிடைக்காது. அதனால் கெடு இரவு 11.59 என்றால், சோதனைக்கும் திருத்தத்துக்கும் சேர்த்து 11 மணிக்கே ஜிப் தயாராக இருக்கட்டும். பிரித்த இடத்தில் நிரல் ஓடினால் வேலை முடிந்தது. ஓடாவிட்டால், அந்தக் குறை ஆசிரியர் கண்ணில் படும் முன் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. `_v2` அனுப்ப இன்னும் நேரம் இருக்கிறது.